இரட்டை மஞ்சள் கோடு

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தின் இருட்டறையில் சோடியம் விளக்கைப் போட்டால் முதலில் மங்கலாகச் சிவக்கும். சில நிமிடங்களில் அறையே மஞ்சளாகிவிடும். அந்த மஞ்சள் ஒரே நிறமாகத் தெரிந்தாலும் உண்மையில் இரண்டு நிறங்கள் சேர்ந்தது. ஒன்றின் அலைநீளம் 588.995 நானோமீட்டர், மற்றொன்றின் அலைநீளம் 589.592. வித்தியாசம் 0.6 நானோமீட்டர்கூட இல்லை. ஜெர்மனியில் ஃப்ரான்ஹோபர் சூரிய நிறமாலையின் கருங்கோடுகளுக்கு எழுத்துகளால் பெயரிட்டபோது இந்த இடத்துக்கு வைத்த எழுத்து D. அதனால் இன்றும் இந்த ஜோடிக்கு டி கோடுகள் என்றே பெயர். பின்னாளில், 1821இல், மெல்லிய கம்பிகளை நெருக்கமாக வரிசையாகக் கட்டி, அந்த இடைவெளிகளின் வழியே ஒளியை அனுப்பி, இந்த மஞ்சளின் அலைநீளத்தை அளந்தவரும் அவரே.

அந்தக் கம்பி வரிசையின் வாரிசுதான் நம் ஆய்வகங்களில் உள்ள கீற்றணி. கண்ணாடித் தகட்டின் மேல் ஓர் அங்குலத்துக்கு 15,000 கோடுகள். அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையே 1,693 நானோமீட்டர், அதாவது மஞ்சள் ஒளியின் அலைநீளத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. இந்த 'சற்றுக் குறைவு' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தகட்டில் நேர்க்குத்தாக ஒளி விழும்போது ஒவ்வோர் இடைவெளியும் எல்லாத் திசைகளிலும் ஒளியைப் பரப்புகிறது. ஒரு குறிப்பிட்ட சாய்வில் பார்த்தால், பக்கத்து இடைவெளியிலிருந்து வரும் அலை சரியாக ஓர் அலைநீளம் பின்தங்கி வரும். முகடோடு முகடு பொருந்துவதால் எல்லா இடைவெளிகளின் ஒளியும் கூடி அங்கே பளிச்சென்று ஒரு கோடு தெரியும். இது முதல் வரிசையின் முதன்மைப் பெருமம். இரண்டு அலைநீளம் பின்தங்கினால் இரண்டாம் வரிசை. கோடுகளின் இடைவெளி d, வரிசை m என்று கொண்டால் கணக்கு இவ்வளவுதான்: d sin θ = mλ. நம் கீற்றணியில் மஞ்சளின் முதல் வரிசை 20.4 டிகிரியில் நிற்கும், இரண்டாவது 44.1 டிகிரியில்.

மூன்றாவது வரிசை? அதற்குப் பக்கத்து அலை 1,768 நானோமீட்டர் பின்தங்க வேண்டும். ஒளி தகட்டை ஒட்டியே, 90 டிகிரியில் சாய்ந்து போனாலும், கிடைக்கக்கூடிய அதிகபட்சப் பின்னடைவு 1,693தான். வெறும் 75 நானோமீட்டரில் மூன்றாம் வரிசை கைநழுவிப் போகிறது. ஆகவே நேர்க்கோட்டில் ஒன்று, இருபுறமும் இரண்டிரண்டு, மொத்தம் ஐந்து இடங்களில் மட்டுமே மஞ்சள் தெரியும். அதே கீற்றணியில் பாதரச விளக்கின் பச்சை ஒளிக்கு அலைநீளம் 546 நானோமீட்டர். அதற்கு மூன்றாம் வரிசை உண்டு, 75 டிகிரிக்கு அப்பால். சிடி தட்டிலும் தடங்களின் இடைவெளி 1,600 நானோமீட்டர் என்பதால் மஞ்சளுக்கு இரண்டு வரிசை கிடைக்கும். தடங்கள் 740 நானோமீட்டருக்கு நெருங்கிவிட்ட டிவிடியில் ஒன்றுதான்.

இனி அந்த ஜோடியைப் பிரிக்கும் கதைக்கு வருவோம். கோடு எவ்வளவு மெல்லியதாக விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒளி 1,000 இடைவெளிகளின் மேல் விழுகிறது என்று வையுங்கள். பெருமம் விழும் கோணத்திலிருந்து துளி விலகிப் பார்க்கிறோம். பக்கத்துப் பக்கத்து அலைகளுக்கு இடையே அலைநீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் கூடுதல் பின்னடைவு வரும் அளவுக்கு அந்த விலகல் இருக்கட்டும். பக்கத்து இரண்டை மட்டும் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் முதல் இடைவெளியையும் 501ஆவதையும் ஒப்பிட்டால், அந்தச் சிறு பின்னடைவுகள் சேர்ந்து அரை அலைநீளம் ஆகியிருக்கும். ஒன்றின் முகடு மற்றொன்றின் பள்ளத்தில் விழுந்து இரண்டும் அழியும். இரண்டாவதும் 502ஆவதும் அப்படியே. ஜோடி ஜோடியாக ஆயிரமும் அழிந்து அங்கே இருள். இரண்டு துளை மட்டும் இருந்தால் ஒளி மெதுவாகத்தான் மங்கும். ஆயிரம் இருப்பதால் பெருமத்தை ஒட்டியே இருள் வந்துவிடுகிறது.

இரண்டாவது நிறத்தின் பெருமம் முதல் நிறத்தின் இந்த இருளிலோ அதற்கு அப்பாலோ விழுந்தால் கண்ணுக்கு இரண்டு கோடு தெரியும். இது இங்கிலாந்தின் ராலே வகுத்த அளவுகோல். இதிலிருந்து வருவதுதான் பிரிதிறன். அலைநீளத்தை அலைநீள வேறுபாட்டால் வகுத்து வரும் எண், அதாவது λ/Δλ, கீற்றணியின் mN என்ற எண்ணை மிஞ்சக் கூடாது. m வரிசை, N ஒளி விழும் கோடுகளின் எண்ணிக்கை. சோடியத்துக்கு 589.3ஐ 0.597ஆல் வகுத்தால் 987. முதல் வரிசையில் 987 கோடுகள் போதும். நம் தகட்டில் அது 1.7 மில்லிமீட்டர் அகலம்தான்.

இதை நீங்களே சோதிக்கலாம். கறுப்பு அட்டையில் ஒரு மில்லிமீட்டர் அகலப் பிளவு வெட்டி, கீற்றணியின் கோடுகளுக்கு இணையாக அதன்மேல் வையுங்கள். இப்போது ஒளி படுவது சுமார் 590 கோடுகளில். முதல் வரிசையில் 590 என்பது 987க்குக் குறைவு, ஜோடி ஒன்றாகிவிடும். இரண்டாம் வரிசையில் 1,181. அங்கே மயிரிழையில் பிரிந்து நிற்கும்.

அப்படியானால் ஓர் அங்குலத் தகடு முழுதும் ஒளி விழும்போது முதல் வரிசைப் பிரிதிறன் 15,000. பிறகு ஏன் பல மாணவர்கள் ஒற்றைக் கோடுதான் தெரிகிறது என்கிறார்கள்? நான் பார்த்தவரை குற்றம் கீற்றணியில் இல்லை. நிறமாலைமானியின் பிளவில் இருக்கிறது. முதல் வரிசையில் இரு கோடுகளுக்கும் இடையே 1.3 நிமிடக் கோணம்தான், ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கே ஒரு நிமிடம். பிளவை 0.1 மில்லிமீட்டர் திறந்து வைத்தால், 18 சென்டிமீட்டர் குவியத்தூரம் கொண்ட இணையாக்கியில் பிளவின் பிம்பமே சுமார் 2 நிமிட அகலம் ஆகிவிடும். இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படர்கின்றன. இரண்டாம் வரிசையில் இடைவெளி 3.4 நிமிடம், பிம்பத்தின் அகலமோ 2.7. அதே பிளவிலும் பிரிவு தெரியும். கோணம் விரிவது வேறு, பிரிதிறன் வேறு என்று பாடத்தில் படிப்பதன் பொருள் இங்கேதான் கைக்கு வருகிறது.

கோடுகளை இன்னும் நெருக்கினால் பிரிதிறன் கூடும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அதே ஓர் அங்குலத்தில் 30,000 கோடு கீறினால் N இரட்டிப்பாகும். ஆனால் மஞ்சளுக்கு இரண்டாம் வரிசை காணாமல் போகும். பெருக்கல் பலன் அதே 30,000. தகட்டின் அகலத்தை அலைநீளத்தால் வகுத்து வரும் எண்ணை, நேர்க்குத்தாக ஒளி விழும் எந்தக் கீற்றணியாலும் தாண்ட முடியாது. ஓர் அங்குலத்துக்கும் இந்த மஞ்சளுக்கும் அது சுமார் 43,000. அதற்கு மேல் வேண்டுமென்றால் தகட்டை அகலமாக்கத்தான் வேண்டும்.

இரண்டு கோடு தெரிந்துவிட்டால், அது நிஜ ஜோடியா, கண்ணாடிப் பிரதிபலிப்பால் வந்த நிழல் பிம்பமா என்று பாருங்கள். டி ஜோடியில் 588.995 கோடு மற்றதைவிடப் பிரகாசமானது. அலைநீளம் குறைவு என்பதால், இடப்புறமானாலும் வலப்புறமானாலும், அது நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள பக்கத்திலேயே நிற்கும்.