இருபது எண்கள், இருபத்தாறு கோடுகள்

இரண்டு எண்களைச் சொல்லி எது பெரியது என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வந்துவிடும். எது எதை மீதியில்லாமல் வகுக்கும் என்று கேட்டால் எப்போதும் பதில் இருக்காது. 3 என்பது 18-ஐ வகுக்கும், சரி. ஆனால் 4 என்பது 6-ஐ வகுக்காது, 6-ம் 4-ஐ வகுக்காது. அந்த இரண்டில் எது கீழே, எது மேலே என்று சொல்ல வழியில்லை.

இப்படிச் சில ஜோடிகளுக்கு மட்டும் மேல் கீழ் உள்ள ஒழுங்கைக் கணிதத்தில் பகுதி வரிசை என்கிறார்கள். அதைப் படமாகப் போட ஒரு முறை இருக்கிறது. ஜெர்மானியக் கணித அறிஞர் ஹெல்முட் ஹாஸ்ஸேயின் (1898–1979) பெயரால் அதை ஹாஸ்ஸே வரைபடம் என்று அழைக்கிறார்கள். 1 முதல் 20 வரையுள்ள எண்களுக்கு அதை வரைய ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் போதும். அழிப்பானும் வேண்டும்; ஏனென்று போகப் போகத் தெரியும்.

விதிகள் எளியவை. வகுக்கும் எண் கீழே இருக்க வேண்டும், வகுபடும் எண் மேலே. கோடு வழியாகக் கீழிருந்து மேலே போக முடிந்தால் முன்னது பின்னதை வகுக்கிறது என்று பொருள். நேராகவே போக வேண்டியதில்லை, வழியில் மற்ற எண்களைத் தொட்டுக்கொண்டும் போகலாம். ஆகவே, ஏற்கெனவே ஒரு வழி இருக்கும் இடத்தில் குறுக்குக் கோடு போடக் கூடாது.

இந்தக் கடைசி விதிதான் படத்தைக் காப்பாற்றுகிறது. தன்னைத்தானே வகுப்பதை விட்டுவிட்டால், 1 முதல் 20 வரை ஒன்றை ஒன்று வகுக்கும் ஜோடிகள் 46. அத்தனைக்கும் கோடு இழுத்தால் தாளில் எதுவும் புரியாது. 18-ஐ மட்டும் பாருங்கள். அதை 1, 2, 3, 6, 9 ஆகிய ஐந்தும் வகுக்கின்றன. ஆனால் 2-லிருந்து 6-க்கும், 6-லிருந்து 18-க்கும் கோடு இருந்தால் 2-க்கும் 18-க்கும் தனிக்கோடு எதற்கு? இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் 18-க்குக் கீழே மிஞ்சுவது இரண்டே கோடுகள்: ஒன்று 6-க்கு, இன்னொன்று 9-க்கு.

எந்தக் கோடு மிஞ்சும் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்தால் வரும் ஈவு பகா எண்ணாக இருந்தால் கோடு உண்டு, இல்லையென்றால் இல்லை. 18-ஐ 6-ஆல் வகுத்தால் 3. அது பகா எண், கோடு போடலாம். 18-ஐ 3-ஆல் வகுத்தால் 6. அதை 2 × 3 என்று பிரிக்கலாம் என்பதால் நடுவில் தங்கிப்போக ஓர் எண் கட்டாயம் இருக்கும். பகா எண்ணை அப்படிப் பிரிக்க முடியாது, அதனால் அங்கே இடைநிறுத்தமும் இல்லை.

வரையும்போது இதையே திருப்பிப் போட்டுக்கொள்வது வசதி. ஒவ்வோர் எண்ணையும் எடுத்து, அதன் வெவ்வேறு பகாக் காரணிகளால் வகுத்து, வரும் விடைகளுக்குக் கீழ்நோக்கிக் கோடு இழுக்க வேண்டும். 20-ன் பகாக் காரணிகள் 2-ம் 5-ம். எனவே கோடுகள் 10-க்கும் 4-க்கும் போகும். 16-க்கு 2 மட்டும்தான்; ஒரே கோடு, 8-க்கு. 13-க்கும் ஒரே கோடு, 1-க்கு.

எண்களை எந்த வரிசையில் வைப்பது? பகா எண்களின் பெருக்கமாக எழுதும்போது எத்தனை எண்கள் வருகின்றன என்று எண்ணுங்கள், திரும்ப வருவதையும் சேர்த்து. 12 என்பது 2 × 2 × 3, மூன்று வருகின்றன. அதனால் 1-ஐ அடியில் வைத்து, அதற்கு மேல் மூன்றாம் வரிசையில் 12 உட்கார்கிறது. மொத்தப் படம் இப்படி அமையும்:

```
16
8  12  18  20
4  6  9  10  14  15
2  3  5  7  11  13  17  19
1
```

19 என்பது 8-க்கு இரண்டு வரிசை கீழே இருப்பதைக் கவனியுங்கள். உயரம் இங்கே எண்ணின் பெருமையைக் காட்டவில்லை, அது எத்தனை பகா எண்களால் கட்டப்பட்டது என்பதைக் காட்டுகிறது. முதன்முதலில் பார்ப்பவர்களுக்கு உறுத்துகிற இடம் இதுதான்.

வரைந்து முடித்ததும் கோடுகளை எண்ணினால் 26 இருக்க வேண்டும். இருபதுக்குள் 2-ன் மடங்குகள் பத்து, 3-க்கு ஆறு, 5-க்கு நான்கு, 7-க்கு இரண்டு, 11, 13, 17, 19-க்கு ஒவ்வொன்று, கூட்டினால் 26. கூடுதலாக வந்தால் படத்தில் முக்கோணம் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். 2, 4, 8 மூன்றும் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் 2-லிருந்து 8-க்கு நேராகப் போகும் கோடு வேண்டாதது. சரியாக வரைந்த படத்தில் முக்கோணமே வராது.

அழிப்பான் தேவைப்படுவது இதற்குப் பிறகுதான். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். பகா எண்களை இடம் மாற்றிப் பார்ப்போம், 6-ஐயும் 10-ஐயும் நகர்த்திப் பார்ப்போம். வெட்டு ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் முளைக்கும். இது கைத்திறன் குறைவால் வருவதில்லை. 6 என்பது 2-ஐயும் 3-ஐயும் இணைக்கிறது, 10 என்பது 2-ஐயும் 5-ஐயும், 15 என்பது 3-ஐயும் 5-ஐயும். கீழ் வரிசையில் மூன்று, மேல் வரிசையில் மூன்று, ஆறும் ஒரு வளையம். பக்கத்துப் பக்கத்து வரிசைகளுக்கு நடுவே ஒரு வளையத்தை நேர்க்கோடுகளால் வெட்டில்லாமல் அடைக்கவே முடியாது.

வழி இருக்கிறது, ஆனால் வரிசை ஒழுங்கைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். வகுபடும் எண் மேலே இருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று விதி கிடையாது. 5-ஐ இடக்கோடியிலும், 2-ஐ நடுவிலும், 3-ஐ அதற்கு வலப்பக்கம் தள்ளியும் வையுங்கள். 15-ஐ அதன் வரிசையிலிருந்து தூக்கி, 16-க்கும் மேலே உச்சியில் வைத்துவிடுங்கள். அதன் இரண்டு கால்களும் இடமும் வலமும் அகன்று இறங்க, 4, 6, 9, 10, 8, 12, 18, 20, 16 எல்லாம் உள்ளே வந்துவிடும். 7 மட்டும் தகராறு செய்யும். அதை 5-க்கும் 2-க்கும் இடையில் வைத்து, 14-ஐச் சற்றுத் தாழ்த்தி, 10-லிருந்து 2-க்கு இறங்கும் கோட்டுக்கு அடியில் செருகுங்கள். 11, 13, 17, 19 நான்கையும் 3-க்கு வலப்பக்கம் ஒதுக்கினால் ஒரு கோடுகூட இன்னொன்றை வெட்டாது.

படத்தைப் படிக்கத் தெரிந்தால் கணக்கும் போடலாம். 12-லிருந்தும் 18-லிருந்தும் கீழே இறங்குங்கள். இரண்டு பாதைகளும் சேரும் இடங்களில் உயர்ந்தது 6. அதுதான் அவற்றின் மீப்பெரு பொதுக் காரணி. மீச்சிறு பொது மடங்குக்கு மேலே ஏற வேண்டும்: 4-ம் 6-ம் 12-ல் சேர்கின்றன. 8-ம் 9-ம் சேர்வதில்லை, ஏனெனில் அவை சேர வேண்டிய 72 இந்தத் தாளுக்கு வெளியே இருக்கிறது.

எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்தது வேறொன்று. 2-ஆல் பெருக்கும் கோடுகளை மட்டும் தடித்த பென்சிலால் இழுத்துப் பாருங்கள். இருபது எண்களும் பத்துச் சங்கிலிகளாகப் பிரிந்துவிடும்: 1, 2, 4, 8, 16 ஒன்று, 3, 6, 12 ஒன்று, 5, 10, 20 ஒன்று, 7, 14 ஒன்று, 9, 18 ஒன்று, 11, 13, 15, 17, 19 தனித்தனியாக ஐந்து. ஒவ்வொரு சங்கிலியின் அடியிலும் ஓர் ஒற்றைப்படை எண். ஒரே சங்கிலியில் இருக்கும் எந்த இரண்டிலும் சிறியது பெரியதை வகுக்கும். இப்போது இருபதிலிருந்து எந்தப் பதினொரு எண்களைத் தேர்ந்தெடுத்தாலும், சங்கிலிகள் பத்தே என்பதால் இரண்டாவது ஒரே சங்கிலியில் விழுந்தே தீரும். அதாவது, அவற்றுள் ஒன்று இன்னொன்றை வகுத்தே ஆக வேண்டும். பத்து எண்கள் என்றால் தப்பிக்கலாம்: 11 முதல் 20 வரை எடுத்துக்கொண்டால் எதுவும் எதையும் வகுக்காது, ஏனெனில் 11-ன் இரு மடங்கே 22.