குறிப்பை எங்கே வைப்பது?

எட்வர்ட் கிப்பன் எழுதிய ரோமப் பேரரசின் வீழ்ச்சி வரலாற்றின் முதல் தொகுதி 1776 பிப்ரவரியில் லண்டனில் வெளிவந்தது. குறிப்புகள் எல்லாம் நூலின் கடைசியில் இருந்தன. தத்துவ அறிஞர் டேவிட் ஹியூமுக்கு நூல் பிடித்திருந்தது, குறிப்புகள் இருந்த இடம் பிடிக்கவில்லை. பதிப்பாளர் வில்லியம் ஸ்ட்ராஹனுக்கு ஏப்ரலில் எழுதிய கடிதத்தில் புகார் சொன்னார்: எண்ணைப் பார்த்துக் கடைசிக்குப் புரட்டினால், பல நேரம் அங்கே ஒரு சான்று நூலின் பெயர்தான் இருக்கிறது, சான்றுகளைப் பக்கத்தின் ஓரத்திலோ அடியிலோ போடலாமே.

மறு ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பில் குறிப்புகள் பக்கத்தின் அடிக்கு வந்துவிட்டன. வாசகர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கியதற்காகப் பலமுறை வருந்தியதாகக் கிப்பன் பின்னர் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார்.

இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஏனென்றால் குறிப்பு என்று நாம் சொல்வதில் இரண்டு வகை கலந்திருக்கிறது. ஒன்று, தகவல் எங்கிருந்து வந்தது என்று காட்டும் சான்று. மற்றொன்று, கதையின் ஓட்டத்தில் சேராத விளக்கமோ கிண்டலோ. கிப்பனின் குறும்பெல்லாம் இந்த இரண்டாம் வகையில்தான் இருக்கிறது. வாசகர் எண்ணைப் பார்க்கும்போது எந்த வகை காத்திருக்கிறது என்று தெரியாது. ஹியூமின் எரிச்சலுக்குக் காரணம் அதுதான்.

பொதுவாசகருக்கான வரலாற்று நூலில் முதலில் இந்த இரண்டையும் பிரித்துவிட வேண்டும். விளக்கங்களை நட்சத்திரக் குறியிட்டு, பக்கத்துக்கு ஒன்றிரண்டுக்கு மிகாமல், அடிக்குறிப்பாக வைக்கலாம். சான்றுகளை எண்ணிட்டு நூலிறுதிக்கு அனுப்பலாம். நட்சத்திரத்தைக் கண்டால் கண்ணைத் தாழ்த்தினால் போதும். எண்ணைக் கண்டால், சரிபார்க்க விரும்புகிறவர் மட்டும் புரட்டுவார்.

அறிவியல் கட்டுரைகளைப் போல, வரிக்குள்ளேயே அடைப்புக்குறியில் பெயரும் ஆண்டும் கொடுத்தால் என்ன? அறிவியலில் அந்த ஆண்டு, ஆய்வு எவ்வளவு புதியது என்று சொல்கிறது. வரலாற்றில் அது குழப்பும். '(டாசிடஸ், 1996)' என்று போட்டால், ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் எழுதிய ரோமானியர் நம் காலத்தவர் ஆகிவிடுவார். ஆவணக் காப்பகக் கடிதம் என்றால் தொகுதி எண், தாள் எண், தேதி எல்லாம் வேண்டும். அது வாக்கியத்தையே விழுங்கிவிடும். சான்றின் பெயர் கதைக்கே முக்கியம் என்றால், 'டாசிடஸ் சொல்கிறார்' என்று வாக்கியத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

நூலிறுதிக் குறிப்பில் வழக்கமாக ஒரு சங்கடம் உண்டு. ஒவ்வோர் அத்தியாயத்திலும் எண் 1 என்று புதிதாகத் தொடங்கும். 212ஆம் பக்கத்தில் இருப்பவருக்குத் தான் படிப்பது எத்தனையாவது அத்தியாயம் என்பது நினைவிருக்காது. குறிப்புப் பக்கங்களின் தலையில் 'பக்கம் 198 - 215க்கான குறிப்புகள்' என்று அச்சிட்டால் தேடல் தீரும். அத்தியாய எண்ணைப் பக்கத்தின் தலையில் போடும்படி ஹியூமும் அதே கடிதத்தில் கேட்டிருந்தார்.

சில பதிப்பாளர்கள் எண்களையே நீக்கிவிட்டு, கடைசியில் பக்க எண்ணையும் அந்த வரியின் சில சொற்களையும் கொடுத்து அதன் கீழே சான்றைத் தருகிறார்கள். பக்கம் சுத்தமாகத் தெரியும். ஆனால் சான்று இருப்பதே வாசகருக்குத் தெரியாமல் போகலாம். மறுபதிப்பில் பக்கங்கள் நகர்ந்தால் அத்தனை எண்களையும் திருத்த வேண்டும். ஆகவே இந்த முறையில், பக்க அமைப்பு முடிந்து மெய்ப்பு கைக்கு வந்த பிறகே குறிப்புகளுக்குப் பக்க எண் இட வேண்டும்.