நட்சத்திரக் கையெழுத்து

1893ஆம் ஆண்டு லண்டனில் ஓர் ஓவியத்தைப் பற்றிய வழக்கு. குடித்துக் களித்திருக்கும் ஓர் ஆணும் பெண்ணும். அவன் பிடில் வாசிக்கிறான், அவள் கையில் மதுக்கோப்பை. நெதர்லாந்தின் மாபெரும் ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்தது என்று நம்பி, ஒரு கலை வணிக நிறுவனம் அதை 4,500 பவுண்டு கொடுத்து வாங்கியிருந்தது. பிறகுதான் ஓவியத்தில் இருந்த முத்திரையை ஒருவர் உற்றுப் பார்த்தார். அது ஹால்ஸுடையது அல்ல. ஜே, எல் என்ற இரண்டு எழுத்துகள் பின்னிப் பிணைந்திருக்க, அவற்றின் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம்.

ஓவியத்தில் ஒரு தூரிகைத் தீற்றல்கூட மாறவில்லை. ஆனால் அதன் மதிப்பு அன்றே சரிந்தது. விலையைக் குறைத்துக்கொண்டு இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. இவ்வளவு காலம் ஹால்ஸ் என்று உலகமே ஏமாறும் அளவுக்கு வரைந்தவர் யார் என்ற கேள்வி, அந்த வழக்கில் விலையைக் குறைப்பதற்கான காரணமாக மட்டுமே பயன்பட்டது.

அந்த நட்சத்திரத்துக்குச் சொந்தக்காரர் யூடித் லைஸ்டர். 1609இல் ஹார்லெம் நகரில் பிறந்தவர். அவருடைய அப்பா மதுபானம் வடிக்கும் தொழில் செய்தவர். அவரது வடிசாலையின் பெயர் 'லைஸ்டர்'. டச்சு மொழியில் அது வழிகாட்டும் நட்சத்திரத்தை, அதாவது கடலோடிகள் பார்த்துத் திசை அறியும் துருவ நட்சத்திரத்தைக் குறிக்கும். வடிசாலையின் பெயரே குடும்பப் பெயரானது. மகளோ அந்தப் பெயரைப் படமாகவே வரைந்து கையெழுத்தாக்கிக்கொண்டார். பெயரை எழுதத் தேவையில்லை, நட்சத்திரத்தைப் பார்த்தாலே போதும் என்பது எவ்வளவு புத்திசாலித்தனமான யோசனை! ஆனால் அந்த நட்சத்திரம் யாருடையது என்பதை ஊர் மறந்துவிட்டால் அது வெறும் அலங்காரக் கோடாகிவிடும். அப்படித்தான் ஆனது.

அவர் வாழ்ந்தபோது ஊர் அவரை நன்றாகவே அறிந்திருந்தது. ஹார்லெமைப் பற்றி 1628இல் வெளியான நூல் ஒன்று அவரைக் குறிப்பிடுகிறது. அப்போது அவருக்கு வயது 19 தான் இருக்கும். 1633இல் அந்நகரின் ஓவியர் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. அந்தக் காலத்துச் சங்கம் என்பது இன்றைய தொழிற்சங்கம் போன்றதன்று. அதில் சேராதவர் சொந்தப் பட்டறை வைக்கவோ, மாணவர்களைச் சேர்க்கவோ, வெளிப்படையாக ஓவியம் விற்கவோ முடியாது. வாகன உரிமமும் கடை உரிமமும் ஆசிரியர் சான்றிதழும் ஒன்றாகச் சேர்ந்தது போன்ற தகுதி அது.

1635இல் அவருடைய மாணவன் ஒருவன் சில நாட்களிலேயே விலகி, ஹால்ஸின் பட்டறைக்குப் போய்விட்டான். லைஸ்டர் சும்மா இருக்கவில்லை. எட்டு கில்டர் கட்டணம் கேட்டுச் சங்கத்தில் முறையிட்டார். மாணவனின் தாயிடமிருந்து நான்கு கில்டர் பெற்றார். ஹால்ஸும் அபராதம் கட்ட நேர்ந்தது. மாணவனை முறைப்படி பதிவு செய்யவில்லை என்று லைஸ்டருக்கும் அபராதம் விழுந்தது! சங்கக் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் இந்தச் சின்னத் தகராறு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஹால்ஸின் நிழல் என்று பின்னாளில் எழுதப்பட்டவர், அவருக்கு எதிரே நின்று தன் கட்டணத்தைக் கேட்டு வாங்கிய பட்டறை முதலாளி என்பதை அது காட்டிவிடுகிறது.

அப்படியானால் எங்கே தொலைந்தார்? 1636இல் அவர் யான் மோலெனார் என்ற ஓவியரை மணந்தார். குழந்தைகள் பிறந்தன, கணவரின் தொழிலையும் வரவு செலவையும் கவனித்தார். தேதி தெரிந்த அவருடைய ஓவியங்களில் பெரும்பாலானவை திருமணத்துக்கு முந்தியவையே. பிறகும் தூரிகை முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. 1643இல் ஒரு தூலிப் மலர் ஏட்டுக்கு அவர் வரைந்த படங்களும், 1654இல் கையெழுத்திட்ட ஒரு பூச்சாடி ஓவியமும் கிடைத்திருக்கின்றன.

1660இல் லைஸ்டர் இறந்தார், 1668இல் கணவர். வீட்டில் இருந்த பொருட்களுக்குப் பட்டியல் போட்ட அதிகாரி, சில ஓவியங்களுக்கு நேரே 'இறந்தவரின் மனைவி' வரைந்தது என்று எழுதினார். பெயர் இல்லை. நம் விண்ணப்பப் படிவங்களில் 'க/பெ' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதை மட்டும் நிரப்பிவிட்டு சொந்தப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டது போல. அந்தச் சொற்களோடு ஓர் ஓவியம் கைமாறினால், அடுத்த உரிமையாளருக்குக் கணவரின் பெயர்தான் போய்ச் சேரும். நட்சத்திரம் இட்ட மற்ற ஓவியங்களுக்கு வேறு வழி காத்திருந்தது. ஹால்ஸுக்குச் சந்தையில் நல்ல விலை. லைஸ்டர் என்ற பெயருக்கு விலையே இல்லை. ஆகவே நடை ஒத்துப்போன ஓவியங்கள் ஒவ்வொன்றாக ஹால்ஸ் கணக்கில் சேர்ந்தன. பெண் ஓவியர்கள் மறைந்துபோக யாரும் கூடிச் சதி செய்யவே வேண்டியதில்லை. பட்டியல் எழுதுபவரின் சோம்பலும் வணிகரின் லாபமும் போதும்.

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிதான் பாடநூல். கலை வரலாற்று ஆசிரியர் பெரும்பாலும் அருங்காட்சியகங்களில் தொங்கும் ஓவியங்களிலிருந்து தேர்ந்தெடுக்கிறார். அருங்காட்சியகம் பெயர்ப்பலகையை வணிகரிடமிருந்தும் சேகரிப்பாளரிடமிருந்தும் பெறுகிறது. வணிகர் விலைபோகும் பெயரை எழுதுகிறார். கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்ட இரண்டு நூல்கள், ஏர்ன்ஸ்ட் கோம்பிரிக் 1950இல் எழுதியதும், எச். டபிள்யூ. ஜான்சன் 1962இல் எழுதியதும். குகை ஓவியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை பேசும் இந்த இரண்டு பெரிய நூல்களின் முதல் பதிப்புகளில் ஒரு பெண் ஓவியர்கூட இல்லை.

1893 வழக்கை ஒட்டி, கோர்னெலிஸ் ஹோஃப்ஸ்டேட டெ க்ரோட் என்ற டச்சு அறிஞர் நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து சென்று, ஏழு ஓவியங்கள் லைஸ்டருடையவை என்று அதே ஆண்டு எழுதினார். பாடநூல்கள் வெளிவந்தபோது அந்தக் கட்டுரை வந்து அரை நூற்றாண்டு கடந்திருந்தது. அதாவது தகவல் இருந்தது. ஆனால் அது வரலாற்றுக்குள் நுழையவில்லை. ஹால்ஸைப் போல வரைந்த ஒரு பெண் என்ற அடிக்குறிப்பிலேயே நின்றுவிட்டது. பெயரைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

1971 ஜனவரியில் அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் லிண்டா நோக்லின் 'ஏன் மாபெரும் பெண் ஓவியர்கள் இல்லை?' என்ற கேள்வியைத் தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். எல்லோரும் எதிர்பார்த்த பதில், இதோ பாருங்கள், இத்தனை பேர் இருந்தார்கள் என்பது. அவர் அதைச் சொல்லவில்லை. ஓவியர் ஆவதற்கு என்னென்ன தேவை, அவை யாருக்குக் கிடைத்தன என்று திருப்பிக் கேட்டார். பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் உயர்ந்த கலை என்றால் புராண, வரலாற்றுக் காட்சிகள். அவற்றை வரைய மனித உடலின் ஒவ்வொரு தசையும் தெரிய வேண்டும். அதற்கு ஆடையற்ற மாதிரியை எதிரில் நிறுத்தி ஆண்டுக்கணக்கில் பயில வேண்டும். அந்த அறைக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை.

லண்டன் ராயல் அகாடமியின் தொடக்க உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் உண்டு: ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். ஜோஹன் ஸோஃபனி 1771-72இல் வரைந்த ஓவியம் ஒன்றில் ஆண் உறுப்பினர்கள் மாதிரியைச் சுற்றிக் கூடியிருக்கிறார்கள். அந்த இருவரைக் காணோம். சுவரைப் பார்த்தால் அங்கே இருக்கிறார்கள், சட்டமிட்ட இரண்டு உருவப்படங்களாக! பாரிஸின் அரசு ஓவியப் பள்ளியோ பெண்களை மாணவிகளாகச் சேர்த்ததே 1897இல்தான்.

நோக்லினும் ஆன் சதர்லாண்ட் ஹாரிஸும் 1976இல் லாஸ் ஏஞ்சலிஸில் நான்கு நூற்றாண்டுப் பெண் ஓவியர்களின் படைப்புகளை ஒரே கூரையின் கீழ்க் காட்டினார்கள். ஜான்சன் மறைந்த பின், 1980களில் வந்த அவரது நூலின் பதிப்பில் பெண்கள் இடம்பெற்றார்கள். ஆனால் பெண்ணிய வரலாற்றாசிரியர்கள் அதோடு நிறைவடையவில்லை. ரோஸிகா பார்க்கரும் கிரிசெல்டா போலக்கும் 1981இல் எழுதிய நூலில் ஒரு விசித்திரத்தைச் சுட்டினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய வசாரி போன்றோரின் நூல்களில் பெண் ஓவியர்கள் இருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டு நூல்களில்தான் காணாமல் போகிறார்கள். காலம் போகப் போக நினைவு மங்கியது என்று இதை விளக்க முடியாது. 'மேதை' என்ற சொல்லுக்கே ஆண் என்ற பொருள் உள்ளே பொதிந்துவிட்டது என்றார்கள் அவர்கள்.

ஆகவே பட்டியலில் சேர்ப்பதோடு, ஓவியத்தைப் பார்க்கும் விதத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. லைஸ்டரின் 1631ஆம் ஆண்டு ஓவியம் ஒன்று ஹேக் நகரில் இருக்கிறது. இரவு, விளக்கொளியில் ஒரு பெண் குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறாள். பின்னாலிருந்து ஓர் ஆண் அவள் தோளைத் தொட்டு, உள்ளங்கையில் நாணயங்களை நீட்டுகிறான். அக்கால டச்சு ஓவியங்களில் காசு நீட்டும் காட்சி நிறைய உண்டு. அவற்றில் பெரும்பாலும் பெண் சிரித்தபடி வரவேற்பாள். இவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விருப்பமில்லாத பெண்ணின் பக்கம் நின்று வரையப்பட்ட காட்சி இது என்று ஃபிரிமா ஃபாக்ஸ் ஹோஃப்ரிக்டர் 1975இல் எழுதினார். இது முறையான காதல் கோரிக்கையாகவும் இருக்கலாம் என்று மறுத்தவர்களும் உண்டு. விவாதம் முடியவில்லை. ஆனால் ஹால்ஸைப் போல இருக்கிறதா என்பதைத் தவிர வேறொரு கேள்வி இந்த ஓவியத்தின் மேல் எழுந்ததே புதிது. லைஸ்டருக்கான முதல் முழுநீள ஆய்வு நூலை 1989இல் எழுதியவரும் ஹோஃப்ரிக்டர்தான்.

கையெழுத்து இல்லாத ஓவியம் யாருடையது என்று முடிவு செய்வதில் ஆபத்தும் இருக்கிறது. முன்பு விலைக்காக எல்லாம் ஹால்ஸ் ஆனது போல, இப்போது ஆர்வத்தால் எல்லாம் லைஸ்டர் ஆகிவிடலாம். அவருடையவை என்று ஒரு பட்டியல் சேர்க்கும் ஓவியங்களை இன்னொரு பட்டியல் நீக்குகிறது. நல்ல ஆய்வாளர் கையெழுத்துள்ள ஓவியத்திலிருந்து தொடங்குவார்; அதில் வரும் உருவமோ உடையோ கையெழுத்தில்லாததிலும் வருகிறதா என்று தேடுவார்.

வாஷிங்டனில் இருக்கும் அவரது தன்னுருவப்படம் அதற்கு அழகான உதாரணம். இதுவும் ஒரு காலத்தில் ஹால்ஸ் கணக்கில் இருந்ததுதான். சரிகைக் கழுத்துப்பட்டி அணிந்த ஓர் இளம்பெண், கையில் கொத்தாகத் தூரிகைகளோடு, வேலையை நிறுத்திவிட்டு நம் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வருகிறார். அவர் முன்னே உள்ள சட்டத்தில் பாதி முடிந்த ஓவியம்: சிரித்தபடி பிடில் வாசிப்பவன். அதே பிடில்காரன் லைஸ்டரின் வேறொரு ஓவியத்திலும் இருக்கிறான். தான் வரைந்தவனையே தன் படத்துக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

பிறகு அகச்சிவப்புக் கதிர்களால் இந்த ஓவியத்தைப் படம் பிடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கதிர் மேல்வண்ணங்கள் பலவற்றை ஊடுருவிச் செல்லும். ஆனால் அடியில் உள்ள கரி கலந்த கருமையில் உறிஞ்சப்பட்டுவிடும். அதனால் மேலே தீட்டி மறைத்தது கீழே நிழலாகத் தெரியும். பிடில்காரனுக்கு அடியில் ஒரு முகம் தெரிந்தது. பெண் முகம். அது லைஸ்டரின் முகமாகவே இருக்கலாம். அப்படியானால், முதலில் அவர் தன்னையே வரைந்துகொண்டிருக்கும் தன்னைத்தான் வரைந்திருக்கிறார். பிறகு அதை அழித்துவிட்டுச் சிரிக்கும் இசைக்கலைஞனை வைத்திருக்கிறார். உருவப்படமும் எனக்கு வரும், களியாட்டக் காட்சியும் எனக்கு வரும், இரண்டையும் ஒரே துணியில் பாருங்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்லவே இந்த மாற்றம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். சங்கத்தில் சேரவிருந்த இருபது வயதுச் சொச்சப் பெண், கடை திறக்கும் முன் மாட்டிவைத்த பெயர்ப்பலகை அது.