அடிவாரத்து மணிப்பொறி

மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். என் தந்தையார் அங்கே பேக்டரியில் வேலை செய்கிறார். பகலில் கிள்ளிய கொழுந்து மாலையில் வந்து சேரும். வாட்டும் தொட்டிகளில் இரவெல்லாம் கிடந்து துவளும். விடியற்காலத்தில் உருட்டும் பொறிகள் ஓடத் தொடங்கும். ஆதலால் தேயிலைத் தொழிலில் இரவு வேலை தவிர்க்க முடியாதது. பதினெட்டு ஆண்டுகளாக அப்பா வாரம் விட்டு வாரம் இரவு சிப்டுக்குப் போகிறார். எனினும் அவருக்கு அது இன்னும் பழகவில்லை. சென்ற ஆண்டு விடியற்காலை நான்கு மணியளவில் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டார். பக்கத்தில் நின்றவர் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால், உருட்டும் பொறிக்குள் கை போயிருக்கும்.

பதினெட்டு ஆண்டில் பழகாத பழக்கமும் உண்டோ? இந்தக் கேள்விதான் என்னை உடலியல் நூல்களிடம் கொண்டு சேர்த்தது.

நம் மூளையின் அடித்தளத்தில் ஹைப்போதலாமஸ் என்றொரு பகுதி இருக்கிறது. இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்கு நேர்மேலே, அதனுள் இரண்டு சிறிய உயிரணுக் கூட்டங்கள் உள்ளன. இரண்டிலுமாகச் சேர்த்து ஏறத்தாழ இருபதாயிரம் நரம்பணுக்கள். உடலின் தலைமைக் கடிகாரம் அதுவே. இது வெறும் உவமை அன்று. 1990-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஏறக்குறைய இருபது மணி நேரமே ஒரு நாளாகக் கொண்டு பிறந்த ஹாம்ஸ்டர் எலியிடமிருந்து அந்தத் துணுக்கை எடுத்து, அதே பகுதி அழிக்கப்பட்டு நாளொழுங்கு கெட்டுப்போயிருந்த மற்றோர் எலியின் மூளையில் பதித்தனர். ஒழுங்கு திரும்பியது, ஆனால் அது தானம் கொடுத்த எலியின் இருபது மணிக் கணக்காக இருந்தது!

மனிதனுடைய கடிகாரமோ இருபத்து நான்கு மணிக்குச் சற்று அதிகமாக ஓடுகிறது; பெரும்பாலோரிடம் பத்துப் பதினைந்து நிமிடம் மிகும். நாள்தோறும் யாரேனும் அதைத் திருத்தி வைக்க வேண்டும். யார் அந்தத் திருத்துநர்?

இங்கே நம் மலைக்கு அப்பால் நடந்த ஓர் ஆராய்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போடிமெட்டு வழியே இறங்கினால் சில மணி நேரத்தில் மதுரை. அங்குக் காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவர் மாணவர்களும் அருகிலிருந்த குகையொன்றில் வவ்வால்களை ஆராய்ந்து, 1978-இல் முடிவை வெளியிட்டனர். குகையின் உள்ளே பகலும் இல்லை, இரவும் இல்லை. என்றும் ஒரே இருள். அங்கே கூண்டில் அடைபட்ட வவ்வால், மற்ற வவ்வால்கள் மாலையில் வெளியே பறக்கும் வேளையில் தானும் விழித்துச் சிறகடித்தது. சுற்றம் இல்லாத இடத்தில் தனியே இருந்த வவ்வாலின் நாளோ, கதிரவனின் நாளோடு பொருந்தாமல் மெல்ல மெல்ல நழுவிப்போயிற்று. வவ்வாலுக்குச் சுற்றம்கூட மணியடிக்கும்! மனிதனுக்குச் சுற்றத்தைவிட வெளிச்சமே வலிய மணி. நம் விழித்திரையில், உருவங்களைக் காண்பதற்கன்றி ஒளியின் அளவை அறிவிப்பதற்கென்றே தனி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றின் இழைகள் அந்த இரு கூட்டங்களுக்கும் நேரே செல்கின்றன.

இனித்தான் விந்தை. அதே வெளிச்சம் ஒரு வேளையில் கடிகாரத்தை முன்னே தள்ளும். வேறொரு வேளையில் பின்னே இழுக்கும். எல்லை எது? இரவில் நம் உடல் வெப்பம் சிறிது சிறிதாகத் தணிந்து, நாம் இயல்பாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்னதாக மிகத் தாழ்ந்த நிலையை அடைகிறது. நான் இதனைப் ‘பள்ளம்’ என்று குறித்துக்கொள்கிறேன். பள்ளத்துக்கு முன் கண்ணில் பட்ட ஒளி கடிகாரத்தைத் தாமதப்படுத்தும். பள்ளத்துக்குப் பின் பட்ட ஒளி விரைவுபடுத்தும்.

அப்பாவின் கணக்கைப் பார்ப்போம். ஓய்வு நாளில் அவர் ஆறரை மணிக்குத் தானாக எழுவார். அவருடைய பள்ளம் நான்கு மணி. பொறியருகே தூங்கி விழுந்ததும் நான்கு மணிதானே! இரவு வேலைக்கு உடல் இசைய வேண்டுமானால், பள்ளம் பின்னோக்கி நகர்ந்து, அவர் படுத்துறங்கும் முற்பகலுக்கு வர வேண்டும். ஆனால் அவர் ஆறு மணிக்கு வேலை முடித்து, அரை மணி நேரம் தேயிலைச் சரிவில் காலைக் கதிரை எதிர்கொண்டு நடந்து வருகிறார். பேக்டரி விளக்குகளைவிட வெளிவெளிச்சம் பன்மடங்கு வலியது. மேகம் மூடியிருந்தாலும் அப்படியே. பள்ளத்துக்குப் பின் வரும் அந்த ஒளி கடிகாரத்தைப் பழைய இடத்திலேயே ஆணியடித்து நிறுத்துகிறது. பின் படுக்கிறார். விழித்திருந்த அலுப்பு அவரை ஆழ்த்துகிறது. நான்கு மணி நேரத்தில் அலுப்பு குறைந்ததும், ‘இது பகல்’ என்று கடிகாரம் எழுப்பிவிடுகிறது. அயலார் சத்தத்தால்தான் விழிக்கிறோம் என்று இத்தனை காலமும் அவர் நினைத்திருந்தார். பாவம், பக்கத்து வீட்டுச் சேவல்!

விமானப் பயணத்தில் நேர்வதும் இதே கணக்குத்தான். என் விடுதி நண்பர், பாலக்காட்டுக்காரர், ஓராண்டு இலண்டனில் படித்துவிட்டு டிசம்பரில் ஊர் திரும்பினார். ஐந்தரை மணி வேறுபாடு. இலண்டனில் ஏழு மணிக்கு விழித்தவர், பள்ளம் நாலரை. அது நம் நேரப்படி காலை பத்து மணி. பாட்டியார் சொற்படி அவர் ஏழு மணிக்கே வயல் வரப்பில் வெயில் காய்ந்தார். அவருடைய கடிகாரத்துக்கு அப்போது நள்ளிரவு ஒன்றரை! பள்ளத்துக்கு முன் பட்ட அந்த ஒளி, முன்னே வரவேண்டிய கடிகாரத்தை மேலும் பின்னே தள்ளிற்று. பத்து நாளாகியும் இரவு இரண்டு மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்திருந்தார். முதல் நாள் பத்து மணி வரை வீட்டு நிழலில் இருந்து, அதன்பின் வெயிலில் நடந்து, மறுநாள்களில் அந்த நேரத்தை ஒவ்வொரு மணியாக முன்னே கொண்டுவந்திருந்தால், ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் சரியாகியிருக்கும். போகும்போது அவருக்கு இவ்வளவு துன்பம் இல்லை. மேற்கே போவோர் கடிகாரத்தைத் தாமதப்படுத்தினால் போதும். தானாகவே சற்று மெதுவாக ஓடும் கடிகாரம் அதற்கு எளிதில் இணங்கும்.

அங்ஙனமாயின் அப்பாவின் கடிகாரத்தையும் திருப்பலாமே என்று நீங்கள் வினவலாம். திருப்பலாம். இரவு முழுதும் மிகுந்த வெளிச்சத்தில் வேலை, பகலில் இருட்டறையில் உறக்கம் என்று வைத்து, சில நாள்களில் பள்ளத்தைப் பகலுக்கே நகர்த்திக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஆய்வு 1990-இல் வெளிவந்தது. ஆனால் எங்கள் பேக்டரியில் அடுத்த வாரமே பகல் சிப்ட். திருப்பி முடிப்பதற்குள் மறுபடி திருப்ப வேண்டும். அன்றியும் கல்லீரல் முதலிய உறுப்புகளுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு; அவை தலைமைக் கடிகாரத்தோடு ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. நள்ளிரவில் சோறு உண்டால் அப்பாவுக்கு வயிறு பொருமுவதை இப்போது ஓரளவு புரிந்துகொள்கிறேன்.

ஆகவே முழுவதும் திருப்ப முயலவில்லை. கறுப்புக் கண்ணாடி வாங்கித் தந்தேன்; “சினிமாக்காரன் என்று சிரிப்பார்கள்டா” என்று மறுத்துவிட்டார். மழைக்கு வைத்திருந்த கறுப்புக் குடையை விரித்து, தொப்பியை நெற்றிவரை இழுத்துக்கொண்டு வருகிறார். சன்னலில் கம்பளி தொங்குகிறது. வேலைக்குப் போகுமுன் மாலையில் ஒன்றரை மணி நேரம் கட்டாயம் உறங்குகிறார். நான்கு மணிக் கண்ணயர்வுக்கு இந்த முன்னுறக்கமே பெரிய காவல் என்று அவரே சொல்கிறார். பகலுறக்கம் நான்கிலிருந்து ஐந்து மணி நேரமாகியிருக்கிறது. நான்கு மணி அடிக்கும்போது, பொறிக்கு எட்ட நின்று இலை அள்ளும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.