டிக்கெட்டை அழிக்க எத்தனை பேருக்கு வழி இருக்கிறது?

இயந்திரங்களைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் சொல்லும் ஒவ்வொரு புகாரும் ஜிராவில் ஒரு டிக்கெட்டாகப் பதிவாகிறது. SVC-411 இருக்கிறது, SVC-413 இருக்கிறது. நடுவில் SVC-412 மட்டும் இல்லை. வாடிக்கையாளரோ தன் செல்போனில் அந்த எண்ணை வைத்துக்கொண்டு, "என் புகார் என்னாச்சு?" என்று கேட்கிறார்.

ஜிரா ஒரு முறை கொடுத்த எண்ணை இன்னொரு டிக்கெட்டுக்குக் கொடுப்பதில்லை. ஆகவே விடுபட்ட எண் ஒரு நல்ல துப்பு. அந்த டிக்கெட் வேறு ப்ராஜெக்டுக்கு மாற்றப்பட்டிருந்தால், பழைய எண்ணைத் திறக்கும்போது புதிய எண்ணுக்கே கொண்டுபோய் விடும். எல்லாவற்றையும் பார்க்கக்கூடிய அட்மின் திறந்தும் எதுவும் வரவில்லை என்றால், யாரோ அழித்திருக்கிறார்கள் என்றே பெரும்பாலும் கொள்ளலாம். அழித்த டிக்கெட்டை எடுத்துத் திரும்ப வைக்க ஜிராவில் குப்பைத்தொட்டி கிடையாது. அதன் உள்டிக்கெட்டுகளும் கூடவே போய்விடும். யார் எப்போது என்ன செய்தார் என்ற வரலாறு டிக்கெட்டுக்குள்தான் இருக்கிறது என்பதால் அதுவும் போய்விடும். அதனால்தான் அழிக்கும் அனுமதியை முதலில் தணிக்கை செய்ய வேண்டும்.

ஜிராவில் ப்ராஜெக்டுக்கான அனுமதிகளெல்லாம் பர்மிஷன் ஸ்கீம் என்ற ஒரே பட்டியலில் இருக்கும். நமது நிறுவனத்தின் பட்டியலில் `Delete Issues` வரியைத் திறந்தால் மூன்று பெயர்கள் தெரிகின்றன: நிர்வாகிகள் என்ற ரோல், `service-team` என்ற குரூப், `Reporter`. அண்மைக் காலமாக ஜிராவில் Issue என்ற சொல்லை Work item என்று மாற்றி வருகிறார்கள். உங்கள் திரையில் பெயர் சற்று வேறாக இருக்கலாம், விஷயம் ஒன்றுதான்.

ஜிராவில் "இவருக்குக் கொடு" என்று சொல்லலாம், "இவருக்குக் கொடுக்காதே" என்று சொல்ல முடியாது. அந்த வரியில் உள்ள மூன்றில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே போதும், ஆள் அழித்துவிடலாம். ஒருவரை நிர்வாகி ரோலில் இருந்து எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்போம். அவர் `service-team` குரூப்பிலும் இருப்பார், எடுத்ததால் எதுவும் மாறியிருக்காது. தணிக்கையில் "நான் யாருக்குக் கொடுத்தேன்?" என்ற கேள்வியோடு நிற்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். "இந்த ஆளுக்கு எந்தெந்த வழியில் அனுமதி வந்து சேர்கிறது?" என்று கேட்க வேண்டும்.

அந்தக் குரூப்பைத் திறந்து பார்த்தால், தொடங்கியபோது அதில் நான்கு மூத்த மெக்கானிக்குகள் இருந்திருப்பார்கள். பிறகு பயிற்சிக்கு வந்தவர்கள், தற்காலிக ஊழியர்கள் எல்லோரும் வேறு ஏதோ காரணத்துக்காக அதே குரூப்பில் சேர்க்கப்பட்டிருப்பார்கள். அனுமதிப் பட்டியல் மாறவே இல்லை, ஆனால் அழிக்கக்கூடியவர்கள் பெருகிவிட்டார்கள். `Reporter` இன்னும் நுட்பமானது. அது யார் டிக்கெட்டைப் பதிந்தாரோ அவரைக் குறிக்கும். தான் பதிந்த புகார் தனக்கே சங்கடமாக மாறினால், பதிந்தவரே அழித்துவிடலாம். சில இடங்களில் `Current assignee` என்றும் கொடுத்து வைத்திருப்பார்கள். டிக்கெட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் அனுமதி உள்ள எவரும் முதலில் தன் பெயருக்கு மாற்றி, உடனே அழித்துவிட முடியும். இந்த மாதிரி ஆளுக்கு ஆள் மாறும் பெயர்களை அழிக்கும் வரியில் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

திருத்தப் போகும் முன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். ஒரே ஸ்கீமைப் பல ப்ராஜெக்டுகள் பகிர்ந்துகொள்ளும். அதில் கைவைத்தால் கணக்குப் பிரிவின் ப்ராஜெக்டும் சேர்ந்து மாறும். அதனால் ஸ்கீமை நகலெடுத்து, நகலைத் திருத்தி, பழுதுபார்ப்பு ப்ராஜெக்டோடு மட்டும் இணைப்பதே பாதுகாப்பு. தவறாகப் பதிந்த டிக்கெட்டுகளுக்கு "ரத்து" என்று ஒரு நிலையை வைத்துவிட்டால், ஊழியர்களுக்கு அழிக்கும் தேவையே அநேகமாக இருக்காது. கூடவே `Move Issues` அனுமதியையும் பாருங்கள். அழிக்க முடியாத ஒருவர், தளர்வான அனுமதி உள்ள வேறொரு ப்ராஜெக்டுக்கு டிக்கெட்டை மாற்றி, அங்கே வைத்து அழித்துவிடலாம்.

அடுத்தது டிக்கெட்டின் நிலை. வேலையை மேற்பார்வையாளர் சரிபார்த்த பிறகே "முடிந்தது" என்று மாற வேண்டும் என்பது நமது நிறுவனத்தின் விதி. இதற்காக `Edit Issues` அனுமதியைப் பறிப்பவர்கள் உண்டு. அது பலன் தராது. நிலையை மாற்றுவது `Transition Issues` என்ற தனி அனுமதி. அதையும் பறித்தால் மெக்கானிக் வேலையைத் தொடங்கியதாகக்கூடக் குறிக்க முடியாது, ஏனென்றால் அந்த அனுமதி எல்லா நிலை மாற்றங்களையும் ஒட்டுமொத்தமாகத் திறக்கும் அல்லது மூடும். "முடிந்தது" என்ற ஒரு மாற்றத்தை மட்டும் பூட்ட, பணிப்போக்கு வரைபடத்தில் அந்த அம்புக்குறியின் மேல் ஒரு நிபந்தனை வைக்க வேண்டும்: மேற்பார்வையாளர் ரோலில் இருப்பவருக்கு மட்டும்.

நிபந்தனை வைத்த பின்பும் அந்தப் பூட்டு ஓட்டையாக இருக்கலாம். வரைபடத்தில் `All` அல்லது `Any` என்று குறிக்கப்பட்ட சிறு பெட்டியிலிருந்து "முடிந்தது" நிலைக்கு ஓர் அம்புக்குறி வருகிறதா என்று பாருங்கள். எந்த நிலையிலிருந்தும் நேரே அங்கே தாவலாம் என்பது அதன் பொருள். பலகையில் அட்டையை இழுத்துப் போடுவது சுலபமாக இருக்கட்டும் என்று இதைத் தொடக்கத்திலேயே வைத்திருப்பார்கள். பக்கத்து அம்புக்குறியில் எவ்வளவு கடுமையான நிபந்தனை இருந்தாலும், இந்த வழி திறந்தே இருக்கும்.

ஓட்டை இருக்கிறதா என்பதைத் தேடல் பெட்டியில் ஒரே வரியில் கண்டுபிடித்துவிடலாம். சரிபார்ப்பு நிலையைத் தொடாமல் கடந்த 30 நாளில் "In Progress" நிலையிலிருந்து நேரே முடிக்கப்பட்ட டிக்கெட்டுகளை இது காட்டும்:

```
project = SVC AND status CHANGED FROM "In Progress" TO "Done" AFTER -30d
```

கிடைக்கும் டிக்கெட்டுகளில் இரண்டு மூன்றைத் திறந்து, வரலாற்றில் மாற்றியவர் பெயரைப் பாருங்கள். மெக்கானிக் பெயர் இருந்தால் நிபந்தனை வேலை செய்யவில்லை. ஆட்டோமேஷனின் பெயர் இருந்தால், யாரோ எழுதிய தானியங்கி விதி ஒன்று அந்த வேலையைச் செய்திருக்கிறது. "சரி" என்று கமெண்ட் போட்டதும் டிக்கெட்டை முடிக்கும் விதி ஒன்று இருந்தால், கமெண்ட் போட முடிந்த எல்லோருக்கும் அது முடிக்கும் அதிகாரத்தைக் கொடுத்துவிடுகிறது.

திருத்திய பின் சோதிக்க, அட்மின் பக்கத்தில் `Permission helper` என்ற கருவி உண்டு. ஆளின் பெயர், டிக்கெட் எண், அனுமதி மூன்றையும் கொடுத்தால், இருக்கிறதா இல்லையா என்பதையும் எந்த வழியில் வந்தது என்பதையும் சொல்லும். ஆனால் அது அம்புக்குறி நிபந்தனைகளைப் பார்க்காது. ஆகவே நிலை மாற்றத்தைச் சோதிக்க, சாதாரண மெக்கானிக்குக்கு உள்ள அதே அனுமதிகளோடு ஒரு சோதனைக் கணக்கில் நுழைந்து, "முடிந்தது" என்பதற்கு இழுத்துப் பார்ப்பதே நம்பகமான வழி. அட்மின் கணக்கில் இழுத்துப் பார்த்தால், அட்மினுக்கு முடிகிறதா என்பதுதான் தெரியும்.

SVC-412ஐ அழித்தவரைக் கண்டுபிடிக்கவும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. டிக்கெட் அழிக்கப்படும்போது, அதைப் பதிந்தவருக்கும் கவனித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் ஜிரா மின்னஞ்சல் அனுப்பும்படி அமைத்திருப்பது வழக்கம். யாராவது ஒருவரின் பழைய அஞ்சல்களில், அழித்தவர் பெயரோடு அந்தச் செய்தி கிடக்கலாம். இனிமேல் அப்படித் தேட வேண்டாம் என்றால், நோட்டிஃபிகேஷன் ஸ்கீமில் `Issue Deleted` என்ற வரியில் ப்ராஜெக்ட் பொறுப்பாளரையும் சேர்த்துவிடுங்கள்.