கிண்ணம், பிரஷ், கையுறை: டை குழாயைத் திறப்பதற்கு முன்

டை வாங்கப் போனால் நிறத்தைத்தான் எல்லோரும் நிதானமாகப் பார்க்கிறோம். கருப்பா, இயற்கைக் கருப்பா, அடர்பழுப்பா என்று கடைக்காரரை நாலு பெட்டி எடுத்துப் போடச் சொல்கிறோம். எதில் கலக்குவது, எதால் பூசுவது, கைக்கு என்ன போட்டுக்கொள்வது என்ற யோசனையெல்லாம் வீட்டில் பெட்டியைப் பிரித்து, குழாயைப் பிதுக்கிய பிறகுதான் வருகிறது. அப்போது கையுறையைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

காரணம் எளிது. கிரீம் டை பெட்டியில் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று கலர் கிரீம். மற்றது டெவலப்பர், அதாவது ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த திரவம். கலர் கிரீமில் இருப்பது நேரடியான நிறம் அல்ல. நிறமற்ற சிறு மூலக்கூறுகள்தான் அதில் இருக்கின்றன. அவை முடிக்குள் நுழைந்து, பெராக்சைடு தரும் ஆக்சிஜனின் உதவியால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிய நிற மூலக்கூறுகளாகின்றன. பெரிதானபின் முடியை விட்டு வெளியே வர முடியாது. அதனால்தான் வாரக்கணக்கில் நிற்கிறது. இரண்டையும் கலந்த நொடியிலேயே இந்த வேலை தொடங்கிவிடும், அது முடிக்குள் நடந்தாலும் சரி, கிண்ணத்திலேயே வீணாகப் போனாலும் சரி. கிண்ணம், பிரஷ், கையுறை, துண்டு எல்லாமே இந்த வேலையை நமக்கு வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்துக்குள் நடக்க வைப்பதற்கான சாமான்கள்தான்.

முதலில் கிண்ணம். நம் வீடுகளில் மருதாணிப் பொடியை முந்தின இரவே இரும்புச் சட்டியில் டீத்தண்ணீர் ஊற்றி ஊற வைக்கும் பழக்கம் உண்டு. அது சரிதான். டீத்தண்ணீரின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கலவை கறுக்கும், மருதாணிக்கு அதுதான் வேண்டும். அந்தப் பழக்கத்தில் கிரீம் டையையும் அதே சட்டியில் கலக்குபவர்கள் உண்டு. இங்கே அது நேர் எதிராக வேலை செய்யும். இரும்பும் செம்பும் பித்தளையும் பட்டால் பெராக்சைடு வேகமாகச் சிதைந்து ஆக்சிஜனைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். தலைக்குப் போகும்போது கலவையில் வீரியம் குறைந்திருக்கும். நல்ல எவர்சில்வர் கிண்ணத்தில் சில நிமிடம் கலக்கினால் விபரீதம் ஒன்றும் ஆகிவிடாது. ஆனாலும் அடுத்த நாள் அது ரசத்துக்குப் போய்விடும் என்பதாலேயே அதையும் நான் வேண்டாம் என்பேன்.

பிளாஸ்டிக் கிண்ணம் போதும். அழகு சாதனக் கடையில் விளிம்பில் பள்ளம் வைத்த டை கிண்ணம் விலை மலிவாகவே கிடைக்கிறது. பிரஷில் அதிகமாக ஏறிய கலவையை அந்த விளிம்பில் வழித்துவிடலாம். அதுவும் இல்லாவிட்டால் காலியான ஐஸ்கிரீம் டப்பா. கண்ணாடிக் கிண்ணம் வேதியியலுக்குக் குற்றமில்லை. ஆனால் வழுக்கும் கையுறையோடு குளியலறையில் அதைப் பிடிப்பது வேறு கதை.

மருதாணி என்றதும் இன்னொன்று. கடையில் ‘கருப்பு மருதாணி’ என்று விற்கும் சில பொடிகளில் உலோக உப்புகளோ டை ரசாயனமோ கலந்திருக்கும். உலோக உப்பு ஏறிய முடியில் பெராக்சைடு பட்டால் சூடேறி முடி நைந்துபோகலாம். அப்படிப்பட்ட பொடியைப் போட்டிருந்தவர்கள் சீப்பில் உதிர்ந்த பத்துப் பதினைந்து முடியைத் திரட்டி, கொஞ்சம் கலவையில் அரை மணி நேரம் போட்டுப் பார்க்கலாம். சூடோ, நுரையோ, விசித்திரமான பச்சை நிறமோ தெரிந்தால் பெட்டியை மூடி வைத்துவிட வேண்டியதுதான்.

இந்தச் சாமான்களில் காசு செலவழித்தே ஆக வேண்டியது கையுறைக்கு மட்டும்தான். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் மெல்லிய பாலிதீன் உறை கைக்குப் பொருந்தாது. விரல் நுனியில் தொளதொளவென்று நிற்கும், முடியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், மணிக்கட்டு வழியாகக் கலவை உள்ளே வழியும். பாத்திரம் தேய்க்கும் கனத்த ரப்பர் உறையில் விரலுக்கு உணர்வே இருக்காது. மருந்துக்கடையில் கிடைக்கும் நைட்ரைல் கையுறைதான் இதற்கு ஏற்றது, பெரும்பாலும் நீலமாகவோ கருப்பாகவோ இருக்கும். லேடக்ஸ் உறையும் பார்ப்பதற்கு அப்படியே இருக்கும், ஆனால் டையில் இருக்கும் பாரா ஃபெனிலீன் டயமின் அதன் வழியே எளிதாக ஊடுருவக்கூடியது. சுருக்கமாகப் பிபிடி எனப்படும் இந்தப் பொருள்தான் டை ஒவ்வாமைக்கு முக்கியமான காரணம். தண்ணீரில் கரைக்கும் பவுடர் டைகள் பலவற்றிலும் இதுவே இருக்கிறது. ‘அம்மோனியா இல்லை’ என்று பெட்டியின் முகப்பில் போட்டிருந்தால் பிபிடியும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கையுறை விஷயத்தில் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் பூசும்போது அல்ல, அலசும்போது. பூசி முடித்ததும் உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அரை மணி கழித்து வெறுங்கையால் தலையைத் தேய்த்து அலசுகிறோம். முழுக் கலவையும் அப்போதுதான் கைவழியே ஓடுகிறது. ஆகவே இரண்டு ஜோடி வேண்டும்: பூச ஒன்று, அலச ஒன்று. கழற்றியதைக் கழுவி மறுபடி மாட்டுவதும் வேண்டாம். உள்பக்கம் டை ஒட்டியிருந்தால் தெரியாது. உறையின் வாயை அரை அங்குலம் வெளிப்பக்கமாக மடித்துவிட்டால், கையைத் தூக்கிப் பிடரியில் பூசும்போது வழிவது அந்த மடிப்பில் தங்கும்.

கையுறை கையைத்தான் காக்கும், தலைத்தோலை அல்ல. அதனால் 48 மணி நேரத்துக்கு முன்பே காதின் பின்புறத்திலோ முழங்கை மடிப்பிலோ பெட்டியிலுள்ள தாள் சொல்கிறபடி ஒரு பொட்டு வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ‘பத்து வருஷமா போடறேன், எனக்கு ஒண்ணும் ஆனதில்லை’ என்பது இதில் பாதுகாப்பு அல்ல. இத்தனை காலம் ஒத்துக்கொண்ட பொருளே ஒரு நாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்படி ஆகிவிட்டால் அரிப்பும் கண்ணிமை வீக்கமும் அன்றே வராமல் மறுநாளோ அதற்கடுத்த நாளோகூட வரலாம். அதன்பின் அந்த வகை டையை விட்டுவிட வேண்டும். வீக்கம் பரவினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

பிரஷுக்கு வருவோம். டை பிரஷ் இரண்டு விரல் அகலம், தட்டை, நைலான் இழை, மறுமுனை கூர்மையான வால். அந்த வாலைப் பலரும் கவனிப்பதில்லை; முடியை வகிடு பிரிப்பதற்குத்தான் அது இருக்கிறது. இழை கொஞ்சம் விறைப்பாக இருக்க வேண்டும். மெத்தென்ற பெயிண்ட் பிரஷ் கலவையை மேலே வழித்துவிடுமே தவிர வேரோடு ஒட்டவைக்காது. காதோரத்துக்கும் நெற்றியோரத்துப் பூனைமுடிக்கும் பழைய டூத்பிரஷ் நன்றாகவே உதவும். புருவத்துக்கும் இமைக்கும் தலை டை போடவே கூடாது, எந்தப் பிரஷாலும்.

பிரஷ் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு தலையை வைத்தே பார்க்கலாம். தோள் வரை முடி, ஒன்றரை மாதத்துக்கு முன் டை போட்டது. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது; ஆக வேரில் ஒன்றரை சென்டிமீட்டர் வெள்ளை. பூச வேண்டியது அவ்வளவுதான். நுனிவரை ஒவ்வொரு முறையும் பூசினால் நுனி மட்டும் மை கறுப்பாகி வறண்டு போகும். பெட்டியில் ஒன்றுக்கு ஒன்று என்று அளவு போட்டிருந்தால், இந்த வேருக்கு 30 கிராம் கிரீமும் 30 கிராம் டெவலப்பரும் போதும். சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தால் கிண்ணத்தை அதன்மேல் வைத்து எடையைப் பூஜ்யமாக்கிவிட்டுப் பிதுக்கலாம். கண்ணளவில் ஊற்றினால் டெவலப்பர் கூடிவிடும், கலவை நீர்த்துக் கழுத்தில் வழியும். சரியான கலவை தயிர்ப் பதத்தில் இருக்கும், பிரஷைத் தூக்கினால் சொட்டாது.

முந்தின நாள் எண்ணெய் போக அலசிய, உலர்ந்த தலை. நெற்றியிலிருந்து பிடரிக்கு ஒரு வகிடு, காதிலிருந்து காதுக்கு ஒன்று, நாலு பங்கு. ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் கிளிப்பால் தூக்கிக் கட்டிவிட வேண்டும். நரை அதிகமுள்ள இடத்தில் முதலில் தொடங்குவது நல்லது, பலருக்கு அது காதோரமும் முன்நெற்றியும்தான். பிரஷ் வாலால் அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பிரித்து, வேரில் இரண்டு பக்கமும் தடவி, அந்தக் கற்றையைப் புரட்டிப்போட்டு அடுத்ததைப் பிரிக்க வேண்டும். அவசரத்தில் கனமாகப் பிரித்தால் நடுவிலுள்ள முடிக்குக் கலவையே போகாது. தலை காய்ந்தபின் வகிட்டை மாற்றிச் சீவும்போது வரிவரியாக வெள்ளைக் கோடு தெரிந்தால் காரணம் இதுதான், டையின் தரம் அல்ல.

புதிதாகச் செய்பவருக்கு நாலு பங்கும் முடிக்க இருபது நிமிடத்துக்கு மேலேயே ஆகும். அதற்குள் கிண்ணத்தில் இருப்பது கறுக்கத் தொடங்கிவிடும். எனவே முதலில் 15 கிராமும் 15 கிராமும் கலந்து முன்பக்க இரண்டு பங்கை முடித்துவிட்டு, மீதியைப் பிறகு கலப்பது எனக்குப் பிடித்த வழி. பெட்டியில் போட்டிருக்கும் நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுவது என்பதை உள்ளே இருக்கும் தாளில் பார்த்துக்கொண்டு, கைபேசியில் அலாரம் வைத்துவிடலாம். பின்தலையைப் பார்க்க இரண்டாவது கண்ணாடி ஒன்று தேவைப்படும். வீட்டில் ஆள் இருந்தால் அவரிடம் பிரஷைக் கொடுப்பது அதைவிட மேல், அவருக்கும் கையுறையோடு.

பழைய துண்டு கறை படிந்தால் போகிறது என்பதற்காக மட்டும் இல்லை. அது சொட்டும் கலவையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈரமான இடம் கழுத்தோடு ஒட்டியே இருந்தால் அரை மணி நேரமும் டை தோலில் வேலை செய்யும். அதனால் தோளில் முதலில் ஒரு பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் துண்டு. நனைந்தால் மாற்ற இன்னொன்று. சட்டை முன்பக்கம் பித்தான் வைத்ததாக இருக்கட்டும். தலைவழியாகக் கழற்றும் நைட்டியைப் போட்டுக்கொண்டு டை பூசியவர்களுக்கு அது ஏனென்று தெரியும். நெற்றியோரத்திலும் காதிலும் வாசலைன் தடவலாம், தோலில் மட்டும். முடியில் ஏறினால் அந்த இடத்தில் நிறம் பிடிக்காது. கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரால் விடாமல் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கிண்ணத்தில் மிஞ்சிய கலவையை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைக்க முடியாது. வீரியம் போய்விடும் என்பது ஒன்று. மூடிய பாட்டிலில் அடைத்தால் ஆக்சிஜன் சேர்ந்து அழுத்தம் ஏறி வெடிக்கவும் கூடும் என்பது இன்னொன்று. கலக்காத கிரீமையும் டெவலப்பரையும் தனித்தனியாக அவரவர் மூடியோடு வைக்கலாம், பெட்டியில் அப்படி அனுமதித்திருந்தால். பிரஷை உடனே கழுவ வேண்டும். காய்ந்தால் இழை ஒட்டிக்கொண்டு அடுத்த முறைக்கு உதவாது. கழுவிய பிரஷையும் கிண்ணத்தையும் துண்டையும் ஒரே பையில் கட்டி, சமையலறைக்குத் திரும்பிப் போகாத இடத்தில் வைத்துவிடுங்கள்.