கழிவு, விலக்கு: காப்பீட்டு அட்டவணையில் தடுமாற வைக்கும் இரு சொற்கள்

மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தின் முதற்பக்கங்களில் உள்ள அட்டவணையை, அதாவது ‘பாலிசி ஷெட்யூல்’ என்பதை, கைப்பேசியில் படமெடுத்து, “இதைத் தமிழில் சொல்லுங்கள் டாக்டர்” என்று அனுப்பும் குடும்பங்கள் பல. அத்தகைய ஒரு படத்தை இங்கே படித்துக் காட்டுகிறேன். அடையாளம் தெரியாதவாறு விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

அதில் ‘சம் இன்ஷூர்டு’ 5,00,000 ரூபாய், ‘ஃப்ளோட்டர்’ என்றிருந்தது. இதைக் ‘காப்பீட்டுத் தொகை’ என்று மட்டும் பெயர்த்தால், சேர்ந்தவுடன் கைக்கு வரும் பணம் என்ற எண்ணம் ஏற்படுகிறது. ஓர் ஆண்டில் நிறுவனம் கொடுக்கக்கூடிய உச்ச வரம்பு என்பதே இதன் பொருள். ‘ஃப்ளோட்டர்’ என்பதால் கணவர், மனைவி, மகன் மூவருக்கும் சேர்த்தே அந்த 5 லட்சம். ஆளுக்கு 5 லட்சம் அன்று.

அடுத்த வரியில் ‘டிடக்டிபிள்’ 50,000. உறவினர் ஒருவர் அதைக் ‘கழிவு’ என்று தமிழாக்கியிருந்தார். கடைவீதியில் கழிவு என்றால் தள்ளுபடி. எனவே 50,000 ரூபாய் சலுகை என்று அக்குடும்பம் மகிழ்ந்திருந்தது. உண்மை நேர் எதிரானது. நிறுவனம் கொடுக்கத் தொடங்குமுன் நோயாளியே ஏற்க வேண்டிய தொகை அது. அதன் பக்கத்தில் ஆண்டுக்கு ஒருமுறை என்றுள்ளதா, ஒவ்வொரு கோரிக்கைக்கும் என்றுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். இவர்களுடையது ஆண்டுக்கு ஒருமுறை.

2025 ஆகஸ்டில் அந்த அம்மையார் நுரையீரல் அழற்சியால் சேர்க்கப்பட்டார். மொத்தக் கட்டணம் 1,80,000. கையுறை, பதிவுக் கட்டணம் போன்ற ஏற்கப்படாத இனங்கள் 10,000. எஞ்சிய 1,70,000 ரூபாயில் 50,000 அவர்களுடையது, 1,20,000 நிறுவனத்தினுடையது. ஆக, அந்த ஆண்டுக்கு மூவருக்கும் சேர்த்து மீதமிருந்தது 3,80,000.

மூன்றாவது சொல் ‘எக்ஸ்குளூஷன்ஸ்’. இதை ‘விலக்கு’ என்பது அகராதிப்படி சரியே. ஆனால் வரிவிலக்கு என்று கேட்டுப் பழகிய காதுக்கு அதுவும் சலுகையாகவே ஒலிக்கிறது. ‘காப்பீடு பொருந்தாதவை’ என்பதே தெளிவு. சில என்றைக்கும் பொருந்தாதவை; சில காத்திருப்புக் காலம் முடிந்தபின் பொருந்துபவை. இவர்கள் பத்திரத்தில் கண்புரை, குடலிறக்கம், பித்தப்பைக் கல் முதலியவற்றுக்கு 24 மாதங்கள். காப்பீட்டுக்கு முன்பே இருந்த நோய்களுக்கு 36 மாதங்கள். ஒரே நோய் இரண்டிலும் வந்தால், நீண்ட காலமே கணக்கு.

நுரையீரல் அழற்சிக்காக வந்தபோது எடுத்த ஸ்கேனில் அம்மையாருக்குப் பித்தப்பைக் கல் இருப்பது முதன்முறையாகத் தெரிந்தது. படத்தில் காணப்பட்ட காலம் 12.3.2025 முதல் 11.3.2026 வரை. அதை வைத்துக் கணக்கிட்டால், 24 மாதங்கள் 2027 மார்ச்சில்தான் முடியும். ஆனால் அது புதுப்பித்த ஆண்டின் தொடக்கம். காத்திருப்பு எண்ணப்படுவது, இடைவெளியின்றிப் புதுப்பித்துவரும் காப்பீட்டில் முதன்முதலாகச் சேர்ந்த நாளிலிருந்து. அந்தக் கட்டம் படத்தின் வலது ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. மறுபடி எடுத்த படத்தில் 12.3.2024 என்று தெரிந்தது. ஆக, காத்திருப்பு 2026 மார்ச் 11 உடன் முடிகிறது.

இங்கேதான் மருத்துவம் குறுக்கிடுகிறது. எப்போதாவது வலிக்கும் கல்லுக்கு, அறுவை மருத்துவர் ஒப்பினால், சில வாரங்கள் பொறுக்கலாம். காய்ச்சல், மஞ்சள் காமாலை, விடாத வலி இருந்தால் பத்திரத்தைப் பார்த்துத் தள்ளிப்போடுவது ஆபத்து. அப்போது கைப்பணம் செலவானாலும் அறுவையே வேண்டும். அம்மையாருக்கு அத்தகைய அறிகுறி இல்லாததால் மார்ச் கடைசியில் நாள் குறிக்கப்பட்டது. ஆனால் அது புதிய காப்பீட்டு ஆண்டு. எனவே 50,000 மீண்டும் முதலிலிருந்து. அறுவைக்கு ஏற்கத்தக்க கட்டணம் 90,000 என்றால், நிறுவனம் தருவது 40,000 மட்டுமே. இதை முன்பே அறிந்ததால் அவர்கள் பணத்தைத் திரட்டிக்கொள்ள முடிந்தது.

படமெடுப்போர் தாளைச் சமதளத்தில் வைத்து, நான்கு ஓரங்களும் தெரிய, எல்லாப் பக்கங்களையும் எடுங்கள். எண்களில் காற்புள்ளி எங்கே என்று பாருங்கள். மங்கிய படத்தில் 50,000 ரூபாயும் 5,00,000 ரூபாயும் ஒன்றுபோல் தெரியும். உடுக்குறி இருந்தால், அதற்குரிய விதி பத்திரத்தின் உட்பக்கத்தில் இருக்கும். அதையும் சேர்த்து அனுப்புங்கள். 2024 முதல் புதிய வடிவில் தரப்படும் வாடிக்கையாளர் தகவல் தாளை, கேட்டால் உள்ளூர் மொழியிலும் பெறலாம். எங்கள் தமிழாக்கம் புரிந்துகொள்வதற்கே. கோரிக்கையைத் தீர்மானிப்பது மூலப் பத்திரத்தின் வாசகம். ஐயமிருப்பின், சேர்க்கைக்கு முன்னரே காப்பீட்டு உதவி மேசையில் அதைக் காட்டி, நிறுவனத்திடம் எழுத்தில் விடை பெறுங்கள்.